இடது கையால் வாங்கிய பணம்

சத்தியபாயின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு கொக்கி போல வளைந்தே இருக்கும். அவற்றில் உணர்ச்சி கிடையாது. சுடு பாத்திரத்தைத் தொட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அதனால் அடுப்பங்கரையில் எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டாள். பழகுவதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் உடைந்த பாத்திரங்களைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது.

வெள்ளறடைக்குக் கிழக்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில், பிறர் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டப் போனவள் அவள். விடியுமுன் எழுந்து முந்நூறு மரம் வெட்டுவாள். பட்டையை ஆழமாகக் கீறாமல், மரத்துக்கு வலிக்காமல் வெட்டுகிற கை என்று தோட்டக்காரர்கள் அவளைத் தேடி வருவார்கள். 1993 அக்டோபரில் ஒரு காலையில், எல்லை ஓடையோரம் வழக்கமாக நடக்கும் வரப்பில் போகும்போது, அந்த வரப்பு தன்னுடையது என்று பக்கத்துத் தோட்டத்து மோகனன் மறித்தான். வாய்த்தகராறு. அவன் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. தலைக்கு வந்ததைச் சத்தியபாய் கையால் தடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். அரை நிமிடத்துக்கும் குறைவு.

மெடிக்கல் காலேஜில் பதினேழு நாள் கிடந்தாள். தசைநாணைத் தைத்தார்கள். நரம்பு முழுதாக ஒட்டவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்தாள், துணிப்பந்தை வைத்துக்கொண்டு. ஆனால் டாப்பிங் கத்தியைப் பிடிக்க நாலு விரல் வேண்டும். இரண்டு விரலால் பிடித்தால் கத்தி ஆடும், மரம் கெடும். வெட்டத் தெரிந்தவள் என்பதால் அதை அவளே முதலில் தீர்மானித்துவிட்டாள். கத்தியைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு மாதத்தில் விற்றும் விட்டாள்.

1995 ஏப்ரலில் நெய்யாற்றின்கரையில் மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். மோகனனுக்கு இரண்டு வருடக் கடுங்காவல், ஐயாயிரம் ரூபாய் அபராதம். அபராதம் கட்டாவிட்டால் இன்னும் மூன்று மாதம். கட்டினால் அதில் நாலாயிரம் காயம்பட்டவளுக்கு நஷ்டஈடு. மோகனன் அப்பீல் போனான். அப்பீல் முடியும்வரை அந்தப் பணத்தை யாருக்கும் கொடுக்க முடியாது, அது சட்டம். இரண்டு வருடம் அவன் வெளியே இருந்தான். 1997இல் அப்பீல் தள்ளுபடியானது. ஆனால் தண்டனையை ஆறு மாதமாகக் குறைத்தார்கள். அபராதம் அப்படியே நின்றது. பூஜப்புரை ஜெயிலுக்குப் போன மோகனன் ஆறு மாதத்தைக் கழித்தான். அபராதம் கட்டாமல் அந்த மூன்று மாதத்தையும் சேர்த்துக் கழித்தான். ஒன்பது மாதம் கழித்து, கொஞ்சம் மெலிந்து, நன்றாக மழித்த முகத்தோடு ஊர் திரும்பினான்.

திரும்பி வந்த வாரமே சந்தையில் வைத்துச் சொன்னான்: "ஐயாயிரத்தையும் உடம்பாலே கெட்டியாச்சு. இனி எனக்கும் அவளுக்கும் ஒரு கணக்கும் இல்ல, கேட்டியளா?"

ஊர் தலையாட்டியது. ஜெயிலில் கிடந்தால் அபராதம் தீர்ந்தது என்பது அந்தப் பக்கத்தில் பாட்டன் காலத்திலிருந்து எல்லாரும் நம்பி வந்த விஷயம். வக்கீல் குமாஸ்தா பொன்னப்பனே அப்படித்தான் சொன்னான்.

"அவன் கழிச்சது சர்க்காருக்கு. எனக்கு எவன் கழிச்சான்?" என்றாள் சத்தியபாய். பார்த்தவர்களிடமெல்லாம் அதையே கேட்டாள்.

பொன்னப்பன் கெட்டவன் அல்ல. வழி சொல்ல ஆசைப்படுகிறவன், எந்த வழியாக இருந்தாலும். ஒரு நாள் அவனே வந்து ஒரு யோசனை சொன்னான். சத்தியபாயின் தங்கை ஜெயபாயைக் கட்டிக்கொடுத்தது பளுகலில். அது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. 1996இல் ஜெயபாயின் கணவனைச் சந்தைச் சண்டையில் குத்திக் கொன்றுவிட்டார்கள். குத்தியவன் யார் என்று சாட்சி சொன்னவர்கள் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்கள், அவன் தப்பித்தான். ஆனால் அந்தப் பக்கத்து அரசு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று முந்தின வருடம்தான் ஒரு நிதி வைத்திருந்தது. அதிலிருந்து ஜெயபாய்க்கு உத்தரவு வந்தது.

"உன் வெட்டு நடந்தது ஓடைக்கு இந்தக் கரையில. அந்தக் கரை தமிழ்நாடு" என்றான் பொன்னப்பன். "நாலடிதான் வித்தியாசம், சேச்சி. அந்தக் கரையில விழுந்தேன்னு ஒரு மனு எழுதினா போதும்."

"எலே, வெட்டின எடத்தில ரத்தம் கெடந்ததை போலீசு கயிறு பிடிச்சு அளந்து எழுதி வச்சிருக்கு. அதை வச்சுத்தான் அவன் உள்ள போனான். இப்ப நான் ஓடை தாண்டினேன்னு சொன்னா, அவனுக்க வக்கீல் வந்து என்னைக் கும்பிட்டுட்டுப் போவான்."

"நாலடி, சேச்சி..."

"பின்ன ஒண்ணு. அந்த நிதி வந்தது தொண்ணூத்தஞ்சில. என்னை வெட்டினது தொண்ணூத்திமூணுல. வெட்டினவன்கிட்டே ரெண்டு கொல்லம் பொறுக்கச் சொல்லியிருக்கணும் நீ."

பொன்னப்பன் சிரித்துவிட்டுப் போனான். ஆனால் ஜெயபாய்க்குப் பணம் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. சத்தியபாய் போய்க் கேட்டாள். உத்தரவுதான் வந்திருந்தது. அந்த வருடத்துக்கு ஒதுக்கின பணம் முடிந்துபோனது, அடுத்த ஒதுக்கீடு வரட்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். வாரிசு என்றால் மனைவி, இரண்டு பிள்ளைகள், இறந்தவனின் தாய். மாமியார் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்று மாதம் படுத்துக்கொண்டாள். உத்தரவு வந்து பதினாலு மாதம் கழித்துப் பணம் கிடைத்து நாலு பங்காகப் பிரிந்தபோது, ஜெயபாயின் பங்கு ஒரு கறவை ஆட்டுக்கும் கூரை ஓட்டுக்கும் சரியாகப் போனது.

"ஆனாலும் வந்தது, அக்கா" என்றாள் ஜெயபாய். "குத்தினவன் தப்பிச்சும் வந்தது. அவனை நம்பிக் கெடந்தா ஒண்ணும் வந்திருக்காது."

அது உண்மை. சத்தியபாய் அதை மறுக்கவில்லை. தன் பக்கத்தில் அப்படி ஒரு நிதி உண்டா என்று கிராம அலுவலகத்தில் கேட்டாள். முதலமைச்சரின் துயர நிவாரண நிதிக்கு மனு கொடுக்கலாம், கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்றார்கள். மனு கொடுத்தாள். சிகிச்சைச் செலவுக்கென்று ஆயிரம் ரூபாய் வந்தது. நன்றி சொல்லி வாங்கினாள். அது தருமம். அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. மோகனன் தரவேண்டியதை மோகனன் தரவேண்டும், அவ்வளவுதான். அது நாலாயிரமா நாலு ரூபாயா என்பது பிறகு.

1998 ஜூனில் அவள் நெய்யாற்றின்கரைக்குப் போனாள். வெள்ளறடையிலிருந்து முதல் பஸ். கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி கொடுக்கிற அறையில் லேகா என்று ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பதுக்குள். சத்தியபாய் பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்துப் போட்டாள். லேகா கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"அவன் அபராதத்துக்குப் பதிலா ஜெயில்ல கிடந்தானா?"

"கெடந்தான். முழுசா மூணு மாசம். தீர்ந்துதுன்னு ஊரு சொல்லுது."

"ஊருக்கு ஒரு பாதி தெரியும்" என்றாள் லேகா. "அபராதத்துக்குப் பதிலா முழுசா கிடந்தவன்மேல சாதாரணமா ஜப்தி வாரண்டு போட மாட்டாங்க. ஆனா அந்த அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கணும்னு கோர்ட் சொல்லியிருந்தா, கிடந்தாலும் வசூலிக்கலாம். நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. தண்டனை சொன்ன நாளிலிருந்து ஆறு வருஷம் டைம்."

சத்தியபாய் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்ப இதை எனக்கு ஒருத்தனும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க யாருகிட்ட கேட்டீங்க?"

"எல்லார்கிட்டயும்."

லேகா தீர்ப்பை மறுபடி புரட்டினாள். பிறகு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னாள். மாஜிஸ்திரேட் ஐயாயிரத்துக்கு மேல் அபராதம் போட முடியாது, அதனால்தான் நாலாயிரம். அபராதமே போடாமல் நஷ்டஈடு என்று தனியாகக் கட்டளை இட்டிருந்தால், அந்த வரம்பு பொருந்தாது என்று வாதாடியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அரசு வக்கீலும் கேட்கவில்லை. இப்போது அதைத் தொட முடியாது.

"பால்வெட்டு கூலியில ஆறு மாசத்துக்குக் கூட வராது, மோளே" என்றாள் சத்தியபாய்.

"வராது. வேண்டாமா?"

"வேண்டாம்னு சொன்னா அவன் சிரிப்பான். எழுது."

மனு போனது. வாரண்டு டிசம்பரில்தான் வந்தது. அதுவரைக்கும் மோகனன் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தைப் பெண்டாட்டி ஸ்ரீகுமாரியின் பேருக்கு எழுதி வைத்திருந்தான். வீட்டில் கட்டில், மேசை, ஒரு பழைய டிவி. ஆனால் முற்றத்தில் ஒரு பொருள் இருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், இரண்டு. ஒன்று வழவழப்பானது, ஒன்று கோடு விழுகிறது. டிரேயில் உறைந்த பாலின் கட்டியை அதில் கொடுத்துச் சுற்றினால் ஷீட்டு ஆகும். அந்த மலைச்சரிவில் வேறு யாரிடமும் ரோலர் கிடையாது. முப்பது நாற்பது வீட்டுக்காரர்கள் டிரேயைத் தலையில் வைத்துக்கொண்டு மோகனன் முற்றத்துக்குத்தான் வருவார்கள். ஷீட்டுக்கு இவ்வளவு காசு என்று அவன் வாங்குவான். ரோலருக்கு மேலே பலகை தொங்கும்: மோகனன் ரோலர்.

வாரண்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஸ்ரீகுமாரி சத்தியபாயின் வீட்டுக்கு வந்தாள். சேலை முந்தானையில் முடிச்சு.

"ரெண்டாயிரம் இருக்கு, அக்கா. வாங்கிட்டு, முழுசும் கிட்டினதாட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சு போவட்டு."

"எந்தக் கையாலே?"

ஸ்ரீகுமாரி தலை குனிந்தாள்.

"ஒனக்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல, மக்கா. சாயா குடிக்கியா? ஆனா அந்தப் பைசாவை என்னட்ட தராதே. வாரண்டு போட்ட கோடதியில அடை. அஞ்சாயிரமும். எனக்குள்ளதை கோடதி தரும்."

அடுத்த நாள் வந்தவர்கள் ஊர்க்காரர்கள். ரோலரைப் போலீஸ் கொண்டுபோனால் எங்கள் பால் என்ன ஆகும் என்றார்கள். அடுத்த ரோலர் இருக்கும் ஒற்றசேகரமங்கலம் வரை சுமக்க முடியுமா என்றார்கள். ஒரு கிழவர் கோபமாகவே கேட்டார்: "உனக்க நாலாயிரத்துக்கு நாப்பது வீடு பட்டினி கெடக்கணுமா?"

"அஞ்சு கொல்லமா என் வீடு கெடந்தப்ப நாப்பதில எத்தனை வீடு கேட்டு வந்தீரு?" என்றாள் அவள். "ரோலரு போகாம இருக்க ஒரு வழி உண்டு. அது என் கையில இல்ல. அவன் கையில ஆக்கும்."

வாரண்டை நிறைவேற்ற வந்தவர் சத்தியராஜ் என்ற ஏட்டு. எப்போது போகலாம் என்று அவர் ஸ்டேஷனில் வைத்துக் கேட்டபோது, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது அவர் விருப்பமாக இருந்தது. சத்தியபாய் வேண்டாம் என்றாள்.

"காலையில ஏழு மணிக்கு வாங்க, சாறே."

"ஏழு மணிக்கு என்ன விசேஷம்?"

"வந்தா தெரியும்."

டிசம்பர் என்றால் பால் நன்றாகச் சுரக்கும் மாதம். முந்தின நாள் வெட்டின பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு டிரேயில் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் பதமாக உறைந்திருக்கும். அந்த நேரத்தில் ரோலரில் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் இறுகிக் கல்லாகும், குமிழ் வைக்கும், விலை விழும். ஏழு மணிக்கு ஏட்டு மோகனன் முற்றத்துக்கு வந்தபோது, முப்பது பேர் டிரேக்களோடு வரிசையில் நின்றார்கள். வேலை நடக்கும் நேரம் இது என்று வெட்டுக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏட்டு வாரண்டைப் படித்தார். மோகனன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"ஜெயில்ல கழிச்சாச்சு, சாறே."

"கழிச்சாலும் உண்டுன்னு கோர்ட் எழுதியிருக்கு. அசையும் பொருளை எடுக்கச் சொல்லி உத்தரவு."

"இது அசையாது. சிமெண்டுல நட்டுப் போட்டு உறப்பிச்சது. பாரும்."

ஏட்டு குனிந்து பார்த்தார். நாலு நட்டு இருந்தது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தியபாய் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்:

"போன ஓணத்துக்கு வீட்டுக்குப் பின்னால இருந்தது, சாறே. இப்ப முன்னால இருக்கு. நடந்தா வந்தது?"

வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்கூட. மோகனன் முகம் கறுத்தது.

"இது ஸ்ரீகுமாரிக்க பேரில உள்ளது" என்றான் அவன்.

ஏட்டு தலையைத் தூக்கி மேலே தொங்கிய பலகையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனர் கேட்டார்.

முதல் நட்டு கழன்றபோது வரிசை கலைந்தது. டிரேயை இறக்கி வைத்துவிட்டு ஒரு கிழவர் முன்னால் வந்தார். நாற்பது வீடு பட்டினி என்று சத்தியபாயிடம் கோபித்தவரும் அவர்தான்.

"எலே மோகனா, எனக்க பால் இறுகுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"பைசாவை எண்ணிக் குடு. குடிக்கதுக்கு உண்டு, கேஸு நடத்த உண்டு, வெட்டுப்பட்டவளுக்கு இல்லியா? நாங்க ஒனக்க மெஷினுக்கு கொல்லம்தோறும் தந்ததெல்லாம் எங்க?"

"எனக்கும் இறுகுது" என்றது இன்னொரு குரல். பின்னால் ஒரு பெண்: "பைசாவை அடையும் அண்ணா, அடையும். ரெண்டாம் தரமாச்சுன்னா நீரா நஷ்டம் தருவீரு?"

இரண்டாவது நட்டு கழன்றது. மூன்றாவது துருப்பிடித்திருந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் ஸ்ரீகுமாரி உள்ளே போய் வந்தாள். அவள் கையில் அந்த முடிச்சு இருந்தது. மீதி மூவாயிரத்தை மோகனன் உள்ளே போய், அலமாரியைத் திறந்து, தானே எடுத்து வந்தான். பணம் எப்போதும் வீட்டில்தான் இருந்திருக்கிறது. ஏட்டு எண்ணி வாங்கி, ரசீது எழுதி, நட்டை அவரே திருப்பி முடுக்கினார். கோர்ட்டில் கட்ட வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்று வாரண்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ரோலர் சுற்றத் தொடங்கியது. சத்தியபாய் அங்கே நிற்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த அம்மாவைக் குளிப்பாட்டப் போகும் நேரம். பால்வெட்டு போன பிறகு அவள் பிடித்துக்கொண்ட தொழில் அது. ஆளைத் தூக்கத் தோளும் முதுகும் போதும், விரல் வேண்டாம்.

பணம் கோர்ட்டில் போய்ச் சேர்ந்தாலும் தானாக அவளிடம் வரவில்லை. மனு எழுத வேண்டும், அப்பீல் முடிந்ததற்கு நகல் வைக்க வேண்டும், அடையாளம் காட்ட வக்கீல் வர வேண்டும். மூன்று தடவை அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினாள். பஸ் கூலியை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தாள், லேகாவிடம் காட்டுவதற்கு. லேகா பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நிதியும் இல்லை" என்றாள்.

"எழுதி வச்சிருக்கேன். என்னிக்காவது வரும்போ குடுக்கட்டு."

1999 ஏப்ரலில் காசோலை கையில் கிடைத்தது. அதை ஊரில் உள்ள கூட்டுறவு வங்கியில் போட்டாள். பணம் சேர்ந்ததும் எடுக்கப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் அவள் இடது கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்தான். பத்து வருடத்துக்கு முன் கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்துள்ள அட்டையை எடுத்து ஒப்பிட்டான். தலையை ஆட்டினான்.

"ஒத்து வரல்லியே, சேச்சி. ஒரே ஆளு போட்டது மாதிரி இல்ல. அட்டையில உள்ள கையெழுத்து எங்க?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சத்தியபாய் வலது கையைத் தூக்கி, வளைந்த இரண்டு விரலோடு கண்ணாடியில் பதிய வைத்தாள்.

"அந்தக் கையெழுத்தை மோகனன் வெட்டினான். அதுக்குத்தான் இந்த நாலாயிரம். மேனேஜரைக் கூப்பிடு."

மேனேஜர் வந்தார். புதிய அட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் மூன்று இடத்தில் இடது கையால், அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள். பையன் நோட்டுகளை எண்ணி வெளியே தள்ளினான். நல்ல காசை இடது கையால் வாங்கக் கூடாது என்று பக்கத்தில் நின்ற யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

சத்தியபாய் இடது கையை நீட்டினாள்.